ஒரு டீ, ஒரு தம்: நாடி சொல்லும் கணக்கு

டீக்கடை பெஞ்சில் ஒரு கையில் கிளாஸும் மறு கையில் சிகரெட்டுமாக உட்கார்ந்திருப்பவரிடம், இந்த இரண்டில் எது நெஞ்சைப் படபடக்க வைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கிளாஸைத்தான் காட்டுவார். "ரெண்டு காபி உள்ள போச்சுன்னா தடதடங்குது சார், தம் அடிச்சாத்தான் கொஞ்சம் நிதானத்துக்கு வருது" என்பார். அவருடைய மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணினால் கணக்கு நேர் எதிராக வரும். தினமும் காபி குடிக்கிறவருக்கு இன்னொரு காபி நாடித்துடிப்பைப் பெரிதாக மாற்றுவதில்லை. சில பேருக்கு முதலில் இரண்டு மூன்று துடிப்பு குறையக்கூடச் செய்யும். சிகரெட்டோ சில நிமிடங்களுக்குள் நிமிடத்துக்குப் பத்து, பதினைந்து துடிப்பைக் கூட்டிவிடும். நிதானம் என்று அவர் சொல்வது மனசுக்கு வருகிற நிதானம். இதயம் அந்த நேரத்தில் கூடுதலாக உழைத்துக்கொண்டிருக்கிறது.

இந்த முரண்பாடு எங்கிருந்து வருகிறது, அதன் விளைவு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் இங்கே விஷயம். அதற்கு முன் எண்ணும் முறையைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதிக் குழப்பம் தப்பாக எண்ணுவதால் வருகிறது. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பத்து நொடி எண்ணி ஆறால் பெருக்கினால், ஒரு துடிப்பு பிசகினாலே விடையில் ஆறு பிசகும். காபியின் விளைவே அதற்குள் அடங்கிவிடும் அளவுதான். மாடிப்படி ஏறி வந்த கையோடு எண்ணுவதும், குடிப்பதற்கு முன் நின்றுகொண்டும் பின் உட்கார்ந்தும் எண்ணுவதும் வீண். உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றாலே பத்துத் துடிப்பு கூடலாம். ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு.

காபி: கூடுவது நாடி அல்ல, அழுத்தம்

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் உடலில் அடினோசின் என்ற ஒரு பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது மூளையில் தூக்கத்தை வரவழைக்கும், இதயத்தின் வேகத்தைத் தணிக்கும், பல இடங்களில் ரத்தக் குழாய்களைத் தளர்த்திவிடும். இதையெல்லாம் செய்ய அது செல்களின் மேல் தனக்கென்று இருக்கும் ஏற்பிகளில் போய் உட்கார வேண்டும். கஃபீன் செய்வது, பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற வேலை. துண்டு பயணம் செய்வதில்லை, ஆனால் உட்கார வேண்டியவருக்கு இடம் இல்லாமல் போகிறது. கஃபீன் புதிதாக ஒரு சக்தியையும் தருவதில்லை. அடினோசினின் வேலையைத் தடுக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் இதயத்தைத் தணிக்கிற கை தடுக்கப்பட்டதும் வேகம் கூட வேண்டுமே? ரத்தக் குழாய்களின் பங்கைச் சேர்த்துப் பார்த்தால் பதில் கிடைக்கும். குழாய்கள் தளர்வது தடைபடுகிறது, அட்ரினலினும் கொஞ்சம் கூடுகிறது, அதனால் ரத்த அழுத்தம் ஏறுகிறது. கழுத்துத் தமனியில் அழுத்தத்தைக் கண்காணிக்கும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறியதும் அவை மூளைக்குச் செய்தி அனுப்ப, மூளை இதயத்தை மெதுவாகப் போகச் சொல்கிறது. ஒரு பக்கம் தூண்டுதல், மறு பக்கம் கடிவாளம். இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிடுவதால் நாடியில் பெரிய மாற்றம் தெரிவதில்லை.

1978-ல் அமெரிக்காவில் டேவிட் ராபர்ட்சனும் அவருடைய குழுவினரும் செய்த பரிசோதனை இதைத் துல்லியமாகக் காட்டியது. காபிப் பழக்கமே இல்லாத ஆரோக்கியமான ஒன்பது இளைஞர்களுக்கு 250 மி.கி. கஃபீன் கொடுத்தார்கள். நம்ம ஊர் கணக்கில் இரண்டு மூன்று டம்ளர் ஸ்ட்ராங்கான காபி. ஒரு மணி நேரத்தில் மேல் அழுத்தம் 14 புள்ளியும் கீழ் அழுத்தம் 10 புள்ளியும் ஏறின. ரத்தத்தில் அட்ரினலின் மூன்று மடங்கானது. நாடித்துடிப்போ முதலில் லேசாகக் குறைந்து, பிறகுதான் கூடியது. பழக்கமே இல்லாத உடம்பிலேயே இவ்வளவுதான்.

அதே குழு சில ஆண்டுகளில் அடுத்த கேள்விக்குப் போனது: தினமும் கொடுத்தால் என்ன ஆகும்? ஒன்றிலிருந்து நான்கு நாட்களுக்குள் உடல் ஏறக்குறைய முழுவதுமாகப் பழகிக்கொண்டது. அழுத்தமும் அட்ரினலினும் பழைய நிலைக்குத் திரும்பின. காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் என்று இருபது வருடமாகக் குடிக்கிறவர் தன் நாடியை எண்ணி, 'ஒண்ணும் ஆகலையே' என்று சொல்வது இதனால்தான். பழக்கம் இல்லாதவருக்கும், ஒரு வாரம் விட்டுவிட்டு மீண்டும் ஆரம்பிக்கிறவருக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

பிறகு ஏன் பலருக்குக் காபி குடித்தால் நெஞ்சு படபடக்கிறது? படபடப்பும் வேகமான நாடியும் ஒன்றல்ல. இதயத்தின் கீழ் அறைகளில் இடையிடையே ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வருவது ஆரோக்கியமானவர்களுக்கும் உண்டு. முந்தி வந்த துடிப்புக்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி, அதற்கடுத்த துடிப்பு ஓங்கி அடிக்கும். 'நெஞ்சு ஒரு தடவை நின்னு அடிச்ச மாதிரி இருந்தது' என்று சொல்வது இதைத்தான். 2023-ல் வெளியான சான் பிரான்சிஸ்கோ ஆய்வு ஒன்றில் நூறு பேருக்கு ஈசிஜி கருவியை உடம்பிலேயே ஒட்டி, காபி குடிக்கும் நாள், குடிக்காத நாள் என்று மாற்றி மாற்றி இரண்டு வாரம் பார்த்தார்கள். மேல் அறைகளின் முந்தித் துடிப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கீழ் அறைகளில் அது காபி நாட்களில் 154, காபி இல்லாத நாட்களில் 102. ஒரு நாளில் இதயம் துடிக்கும் லட்சம் தடவையில் இது சொற்பம், ஆனால் கவனித்து உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். காபி நாட்களில் அவர்கள் ஆயிரம் அடி கூடுதலாக நடந்தார்கள், இரவில் 36 நிமிடம் குறைவாகத் தூங்கினார்கள் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. எனக்கு அந்த 36 நிமிடம்தான் பெரிய விஷயமாகப் படுகிறது.

இரவு ஒன்பது மணி கேன்

கஃபீன் குடித்த முக்கால் மணி நேரத்துக்குள் ஏறக்குறைய முழுவதும் ரத்தத்தில் கலந்துவிடும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் தாமதமாகும். அதன் பிறகு கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றத் தொடங்குகிறது. பாதி வெளியேறச் சராசரியாக ஐந்து மணி நேரம். எஞ்சியதில் பாதி போக இன்னொரு ஐந்து மணி நேரம்.

இந்தக் கணக்கை ஒரு தேர்வு இரவில் போட்டுப் பார்ப்போம். ஒரு மாணவர் இரவு 9 மணிக்கு 250 மி.லி. எனர்ஜி டிரிங்க் கேன் ஒன்றைத் திறக்கிறார், அதில் 75 மி.கி. கஃபீன். 11 மணிக்கு இன்னொன்று. முதல் கேனில் அப்போது சுமார் 57 மி.கி. மிச்சம் இருக்கும் என்பதால், இரண்டும் சேர்ந்து 132 ஆகிறது. விடிகாலை 4 மணிக்குப் படுக்கப் போகும்போது 66 மி.கி. உடம்பில் இருக்கிறது. ஒரு டம்ளர் இன்ஸ்டன்ட் காபியைக் குடித்துவிட்டுப் படுப்பதற்குச் சமம். 7 மணிக்கு எழுந்து, கண் எரிகிறது என்று 60 மி.கி. காபி ஒன்று. மிச்சமிருந்த 44-உடன் சேர்ந்து 104. தேர்வு மணி அடிக்கும் 9 மணிக்கு ஒரு முழு கேனுக்கும் சற்றுக் கூடுதலான கஃபீனோடு கேள்வித்தாளை வாங்குகிறார். கை லேசாக நடுங்குவதற்குப் பயம் மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

நாடியிலும் அழுத்தத்திலும் தெரியும் விளைவு பெரும்பாலும் சில மணி நேரத்தில் மங்கிவிடும். தூக்கத்தின் மேல் விழும் விளைவு நீண்டது. படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு குடித்த 400 மி.கி. கூட தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைத்ததாக ஓர் ஆய்வு உண்டு. 'எனக்குக் காபி குடிச்சாலும் நல்லா தூக்கம் வரும்' என்பவர் தூங்கிவிடலாம், ஆழம் குறைந்திருப்பது அவருக்கே தெரியாது.

ஐந்து மணி நேரம் என்பது சராசரிதான், ஆளுக்கு ஆள் மாறும். கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்ளும் பெண்ணுக்கு அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதே இரண்டு கேன்களை அவர் குடித்திருந்தால் காலைக் காபியே இல்லாமல் 9 மணிக்கு 70 மி.கி. மிச்சமிருக்கும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் பாதி வெளியேறவே 15 மணி நேரம் பிடிக்கலாம். காலையில் குடித்ததில் பாதி இரவிலும் இருக்கிறது, அதன் மேல் அடுத்த நாள் காபி ஏறுகிறது. கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்கு 200 மி.கி.க்குள் என்ற வரம்பு வைத்திருக்கிறார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் கஃபீனை உடைக்கும் என்சைமைத் தடுக்கும். அந்த மாத்திரை சாப்பிடும் நாட்களில் வழக்கமான காபியே படபடப்பைத் தந்தால் காபிப்பொடியைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

ஒரு டம்ளரில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் தந்த கணக்கு உதவும். 150 மி.லி. காய்ச்சி வடித்த காபியில் 80 முதல் 120 மி.கி., இன்ஸ்டன்டில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. நாள் முழுவதற்கும் 300-ஐத் தாண்டாமல் இருக்கச் சொல்கிறது. ஃபில்டர் காபியில் இன்னொரு நுட்பம் உண்டு. சிக்கரியில் கஃபீனே கிடையாது. ஆகவே சிக்கரி நிறையக் கலந்த பொடியில் இறக்கிய டிகாஷன் கறுப்பாகவும் கெட்டியாகவும் கசப்பாகவும் இருந்தாலும் கஃபீன் குறைவாகவே இருக்கும். ரோபஸ்டா கொட்டையில் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உண்டு. 'ஸ்ட்ராங்' என்று நாக்கு சொல்வதை நம்பிக் கஃபீனை அளக்க முடியாது.

எனர்ஜி டிரிங்க்: நாடியில் தெரியாதது

கேனின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா? இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி இந்த வகைப் பானத்தில் லிட்டருக்கு 145 முதல் 300 மி.கி. வரை கஃபீன் இருக்கலாம். குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கஃபீன் ஒத்துக்கொள்ளாதவர்கள் குடிக்கப் பரிந்துரைக்கப்படவில்லை என்றும், ஒரு நாளைக்கு 500 மி.லி.க்கு மேல் கூடாது என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். ஒரு கேனில் இருப்பது ஒரு டம்ளர் ஃபில்டர் காபியில் இருப்பதை விடக் கூட இல்லை. அப்படியானால் பயம் எதற்கு?

குடிக்கிற விதம் ஒரு காரணம். சூடான காபியை ஊதி ஊதித்தான் குடிக்க முடியும். ஐஸ் போட்ட இனிப்புப் பானம் ஒரே மூச்சில் உள்ளே போகும், அடுத்த கேனும் தயாராக இருக்கும். இன்னொரு காரணம், இதைக் குடிப்பவர்களில் பலர் காபிப் பழக்கமே இல்லாத பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். நான்கு நாளில் பழகும் அந்தப் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது. உடம்பு எடையும் குறைவு.

ஆனால் கஃபீனை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியவில்லை என்பதையே அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டுகின்றன. 2015-ல் மேயோ கிளினிக்கில் 25 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 240 மி.கி. கஃபீன் உள்ள பெரிய கேன் ஒன்றைக் கொடுத்தார்கள். மேல் அழுத்தம் 6 சதவீதம் ஏறியது, நார்அட்ரினலின் 74 சதவீதம் ஏறியது. கஃபீன் இல்லாத போலிப் பானம் குடித்த நாளில் அது 31 சதவீதம்தான். நாடித்துடிப்பில் இரண்டு நாட்களுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. மணிக்கட்டை மட்டும் பிடித்துப் பார்த்தவர் 'ஒன்றும் இல்லை' என்று எழுதியிருப்பார்.

2017-ல் கலிபோர்னியாவில் ஒரு குழு இன்னும் கூர்மையாகக் கேட்டது. 18 பேருக்கு ஒரு நாள் 950 மி.லி. எனர்ஜி டிரிங்க், இன்னொரு நாள் அதே 320 மி.கி. கஃபீன் மட்டும் கலந்த பானம். கஃபீன் சமம் என்பதால் விளைவும் சமமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. ஆறு மணி நேரம் கழித்தும் எனர்ஜி டிரிங்க் குடித்த நாளில் மேல் அழுத்தம் ஏறக்குறைய 5 புள்ளி உயர்ந்தே இருந்தது. கஃபீன் மட்டும் குடித்த நாளில் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிட்டது. அதோடு ஈசிஜியில் க்யூடி இடைவெளி இரண்டாம் மணி நேரத்தில் 10 மில்லிசெகண்ட் அதிகமாக நீண்டிருந்தது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத்தின் கீழ் அறைகள் மின்சாரம் தணிந்து அடுத்த துடிப்புக்குத் தயாராக எடுத்துக்கொள்ளும் நேரம் அதில் அடங்கும். அந்த நேரம் மிக நீண்டால் துடிப்பின் ஒழுங்கு குலைய வாய்ப்பு கூடுகிறது. 2019-ல் 34 பேரிடம் மீண்டும் பார்த்தபோது, குடித்த நான்காம் மணி நேரத்திலும் அந்த நீட்சி 6 முதல் 7.7 மில்லிசெகண்ட் வரை இருந்தது. அப்போதும் நாடியில் வித்தியாசம் இல்லை. டாரினா, ஜின்செங்கா, அல்லது இவை கஃபீனுடன் சேரும் விதமா, எது காரணம் என்று அந்த ஆய்வுகளால் பிரித்துச் சொல்ல இயலவில்லை.

ஆரோக்கியமானவருக்குப் பத்து மில்லிசெகண்ட் பெரிய ஆபத்தில்லை. பிறவியிலேயே க்யூடி நீண்டிருப்பவருக்கு அப்படியில்லை. அது இருப்பதே பலருக்குத் தெரியாது. குடும்பத்தில் இளம் வயதில் யாராவது காரணம் தெரியாமல் திடீரென இறந்திருந்தால், அல்லது விளையாடும்போது, நீந்தும்போது பிள்ளைக்கு மயக்கம் வந்திருந்தால், ஈசிஜி எடுத்துப் பார்க்காமல் இந்தக் கேனைக் கையில் கொடுக்கக் கூடாது. போலந்து 2024 ஜனவரி முதல் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இதை விற்பதையே தடை செய்துவிட்டது.

ஒரு தம்மில் பதினைந்து துடிப்பு

நிகோட்டினுக்கு வயிறு, கல்லீரல் என்ற சுற்றுவழியெல்லாம் கிடையாது. புகை நுரையீரலைத் தொட்டதிலிருந்து மூளையை எட்ட பத்து இருபது நொடி போதும். அட்ரினல் சுரப்பியை அட்ரினலின் விடச் செய்கிறது, இதயத்துக்குப் போகும் நரம்பு முனைகளிலேயே நார்அட்ரினலினைக் கொட்ட வைக்கிறது. கஃபீன் விஷயத்தில் கடிவாளம் போட்ட அதே கழுத்து நரம்புகள் இங்கேயும் வேலை செய்யத்தான் பார்க்கின்றன, ஆனால் தூண்டுதல் நேராக இதயத்திலேயே விழுவதால் அவை தோற்றுப்போகின்றன. அழுத்தமும் ஏறுகிறது, நாடியும் ஏறுகிறது. போதாக்குறைக்குப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தம் சுமக்கும் ஆக்ஸிஜனைக் குறைத்துவிடுகிறது. வேலை கூடுகிற நேரத்தில் கூலி குறைகிறது.

ஆட்டோ ஓட்டும் ஒருவர் காலை 7 மணிக்கு முதல் சிகரெட்டைப் பற்ற வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுந்தபோது நாடி 70. அதை அணைக்கும்போது 82, 85. அடுத்த அரை மணி நேரத்தில் உச்சம் இறங்கும், ஏனென்றால் நிகோட்டின் முதலில் ரத்தத்திலிருந்து தசைகளுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் பரவிவிடுகிறது. உடம்பிலிருந்தே வெளியேறுவது மெதுவாகத்தான் நடக்கும், பாதி போக சுமார் இரண்டு மணி நேரம். அவர் மணிக்கு ஒன்று பிடிக்கிறவர். ஒரு சிகரெட்டிலிருந்து ஒரு மி.கி. நிகோட்டின் ரத்தத்துக்குப் போவதாகக் கொண்டால், அடுத்ததைப் பற்ற வைக்கும்போது முந்தையதில் 0.7 மிச்சம் இருக்கிறது. அதன் மேல் இன்னொன்று. இப்படி ஏறி ஏறி மதியத்துக்குப் பிறகு ஒவ்வொரு தம்முக்கு முன்னாலும் 2.4, பின்னால் 3.4 என்ற நிலையில் வந்து நிற்கும். ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வரை அளவு ஏறிக்கொண்டே போவதை ரத்தப் பரிசோதனைகளும் காட்டியிருக்கின்றன.

நாடியில் இது எப்படித் தெரியும்? காலை முதல் சிகரெட்டுக்குத்தான் பெரிய தாவல். மாலையில் பத்தாவது சிகரெட்டுக்கு மூன்று நான்கு துடிப்புகூட ஏறாது. அதைப் பார்த்து 'உடம்பு பழகிடுச்சு, ஒண்ணும் பண்ணாது' என்று முடிவு கட்டுவது தப்பு. தாவல் குறைந்ததற்குக் காரணம், நாடி ஏற்கெனவே மேலே நிற்பதுதான். புகைக்கும் நாட்களையும் புகைக்காத நாட்களையும் ஒப்பிட்டால் 24 மணி நேரச் சராசரியே நிமிடத்துக்கு 7 துடிப்பு அளவில் கூடியிருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் துடிப்பு உபரி.

இரவு 11 மணிக்குக் கடைசி சிகரெட். எட்டு மணி நேரத்தில் 3.4 என்பது 0.2 ஆகிவிடும். உடம்பு அந்த இடைவெளியில் பழக்கத்தையும் ஓரளவு மறக்கிறது, அதனால் மறுநாள் முதல் சிகரெட் மீண்டும் பெரிய தாவலைத் தருகிறது. விட்டுவிட்ட இருபதாவது நிமிடத்திலேயே நாடி இறங்கும் என்று விழிப்புணர்வுப் பலகைகளில் எழுதியிருப்பது பொய்யல்ல, கடைசி சிகரெட்டின் உச்சம் அப்போது தணியத் தொடங்கும். சேர்ந்து நின்ற அந்த ஏழு துடிப்பு இறங்க ஒன்றிரண்டு நாள் ஆகும்.

வாயில் அடக்கும் புகையிலைக்குக் கணக்கு வேறு. வெற்றிலையோடும் சுண்ணாம்போடும் போடும்போது சுண்ணாம்பின் காரத்தன்மை நிகோட்டினை விடுவித்து, கன்னத்துச் சவ்வு வழியாக எளிதாக உறிஞ்ச வைக்கிறது. சிகரெட்டைப் போலச் சட்டென்ற உச்சம் இல்லை. நாடி மெதுவாக ஏறும், ஆனால் துப்பிவிட்ட பிறகும் சவ்வில் தேங்கியதும் விழுங்கியதும் உள்ளே போய்க்கொண்டிருப்பதால் ஏற்றம் நீண்ட நேரம் நிற்கும். நுரையீரலுக்குப் புகை போகவில்லை என்பதால் இதயத்துக்கும் ஒன்றுமில்லை என்று நினைப்பவர்கள் நாடியை ஒரு மணி நேரம் கழித்து எண்ணிப் பார்க்கலாம்.

தம்மை விட்டவருக்குக் காபி ஏன் கூடிப்போகிறது

டீயும் சிகரெட்டும் ஒன்றாக வருவதில் ஒளிந்திருக்கும் விஷயம் இது. சிகரெட் புகையிலுள்ள தார் வகைப் பொருட்கள், கஃபீனை உடைக்கும் அதே கல்லீரல் என்சைமை அதிகமாக உற்பத்தி செய்ய வைக்கின்றன. அதனால் புகைப்பவர் உடம்பில் கஃபீன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் தீர்ந்துபோகிறது. ஐந்து மணி நேரம் மூன்றாகிவிடும். அவர் ஒரு நாளைக்கு ஆறு டீ குடிப்பது வெறும் பழக்கமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு மூன்றில் கிடைப்பது அவருக்கு ஆறில்தான் கிடைக்கிறது.

இப்போது அந்த ஆட்டோ ஓட்டுநர் சிகரெட்டை நிறுத்துகிறார். டீயை நிறுத்தவில்லை. சொல்லப்போனால் கை சும்மா இருக்கிறதே என்று ஒன்றிரண்டு கூடுதலாகவே குடிக்கிறார். புகை நின்றதும் அந்த என்சைம் நாற்பது மணி நேரத்துக்கொரு முறை பாதி என்ற கணக்கில் இறங்கி, நான்கைந்து நாளில் சாதாரண மனிதருடைய அளவுக்கு வந்துவிடுகிறது. அதே ஆறு டீ இப்போது உடம்பில் ஏறக்குறைய இரண்டு மடங்கு கஃபீனைத் தேக்குகிறது. கை நடுக்கம், எரிச்சல், தூக்கமின்மை, படபடப்பு. சிகரெட்டை விட்டதால் வரும் தவிப்புக்கும் இதே அடையாளங்கள்தான். 'தம்மை விட்டதும் உடம்பு தாங்கலை' என்று அவர் மறுபடி பற்ற வைக்கிறார். பற்ற வைத்தால் உண்மையிலேயே குறைகிறது, தவிப்பும் தணிகிறது, சில நாளில் கஃபீனும் வேகமாகக் கரையத் தொடங்குகிறது.

பிரித்தறிய நாடி கொஞ்சம் உதவும். நிகோட்டின் போனதும் ஓய்வு நேர நாடி முதல் நாளிலிருந்தே இறங்க வேண்டும். 80-ல் இருந்தது 72-க்கு வந்திருக்கிறது, ஆனாலும் நடுங்குகிறது, தூக்கம் வரவில்லை என்றால் டீயைச் சந்தேகிக்கலாம். முழுவதுமாக நிறுத்தினால் கஃபீன் விட்ட தலைவலி ஒரு நாளுக்குள் வந்து, சிகரெட் விட்ட தவிப்போடு சேர்ந்துகொள்ளும். ஆறை மூன்றாக்குவது போதும், மூன்றையும் மதியத்துக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் மீறி மருத்துவரிடம் போக வேண்டிய நேரமும் உண்டு. காபியோ சிகரெட்டோ தரும் ஏற்றம் மெதுவாக வந்து மெதுவாக இறங்கும், ஒழுங்கு மாறாது, ஓய்வில் இருப்பவருக்கு 120-ஐத் தாண்டுவதும் வழக்கமில்லை. நாடி ஒரே நொடியில் 160, 180-க்குத் தாவி அதே போல ஒரே நொடியில் நின்றால், அல்லது எந்தத் தாளத்திலும் அடங்காமல் தாறுமாறாக இருந்தால், அது நடக்கும்போதே ஈசிஜி எடுப்பது முக்கியம். பிறகு எடுத்தால் சரியாகவே காட்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் சேர்ந்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐ அழைக்க வேண்டும்.

பரிசோதனைக்குப் போகும் நாளிலும் ஒரு கவனம் தேவை. பிபி பார்ப்பதற்கு முன் அரை மணி நேரம் காபியும் சிகரெட்டும் கூடாது என்பது பொது விதி. மருத்துவமனை கேன்டீனில் காபி குடித்துவிட்டுச் சரியாக அரை மணி நேரம் காத்திருந்தால், கஃபீன் உச்சத்தை நெருங்கும் நேரத்தில்தான் கையில் பட்டை கட்டுவார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டால்தான் எண்ணில் நம்பிக்கை வைக்கலாம், குடிக்காமலே போனால் இன்னும் நல்லது. அடினோசின் ஊசி போட்டுச் செய்யும் இதய ஸ்கேனுக்கு 12 முதல் 24 மணி நேரம் டீ, காபி, கோலா, சாக்லேட் எதுவும் கூடாது என்பார்கள். ஊசியில் போகும் அடினோசினுக்கு உட்கார இடமில்லாமல் போனால், அடைப்பு இருந்தும் ஸ்கேன் சுத்தமாகத் தெரியக்கூடும்.

சிகரெட்டை விட நிகோட்டின் சூயிங்கம் வாங்குகிறவர்களுக்கு மருந்துக்கடையில் யாரும் சொல்லாத ஒன்றுண்டு. கம்மோ ஒட்டுத்தாளோ அந்தக் கல்லீரல் என்சைமைத் தூண்டாது, தூண்டியது புகைதான். ஆகவே கம் மென்றாலும் டீயைக் குறைக்கத்தான் வேண்டும். சுண்ணாம்பு நிகோட்டினை உள்ளே இழுப்பதற்கு நேர்மாறாக, காபியும் கோலாவும் வாயைப் புளிப்பாக்கி கம்மிலிருந்து நிகோட்டின் உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. காபி குடித்துக்கொண்டே மெல்பவருக்கு மருந்து சேராது, ஏக்கமும் தீராது. குடித்து முடித்துக் கால் மணி நேரம் கழித்தே கம்மை வாயில் போட வேண்டும். நாலைந்து தடவை மென்று, நாக்கில் சுருக்கென்ற காரம் தெரிந்ததும் நிறுத்திக் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். அடுத்த காபி அதைத் துப்பிய பிறகுதான்.